குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி எத்தனை காபி குடிக்கலாம்?

'குழந்தை வேணும்னா முதல்ல காபியை நிறுத்துங்க' என்ற அறிவுரை பல வீடுகளில் கேட்கிறது. காபி கருத்தரிப்பைத் தாமதப்படுத்தலாம் என 1988-ல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். பின்னர் டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வில் அத்தகைய தெளிவான தொடர்பு தெரியவில்லை.

கவனிக்க வேண்டியது கருச்சிதைவு. கருத்தரிப்பதற்கு முந்தைய வாரங்களில் தினமும் இரண்டுக்கு மேல் கஃபீன் பானம் குடித்தவர்களிடம் அது அதிகம் என்றது 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. கணவர் குடித்தாலும் அதே கதைதான். ஆனால், காரணம் கஃபீன்தான் என்று அது நிரூபிக்கவில்லை.

கருத்தரிக்க முயலும் பெண்களுக்கு, நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் நிற்பது நல்லது. 150 மில்லி ஃபில்டர் காபியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம். காலையும் மாலையும் ஒரு டம்ளர் குடித்தாலே கணக்கு முடிந்தது. நடுவில் ஆபீஸ் டீ உண்டென்றால், ஒரு காபியைக் குறைச்சுக்கணும், கணவரும்தான்.