மங்கலான படத்துக்குக் குடும்பப் பெயரே சரியான விடை

ஜவ்வாது மலையில் பறக்கும் பறவையை மங்கலாகப் படமெடுத்து அனுப்பி, "சார், இது என்ன பறவை?" என்கிறீர்கள். அரிவாள்போல் வளைந்த நீண்ட இறக்கை மங்கலிலும் தெரிகிறது. ஆகவே உழவாரன் குடும்பம் எனலாம்.

அதற்குமேல்? நாட்டு உழவாரனுக்கு வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை உண்டு. அது முதுகுப்பக்கம் இருப்பதால் கீழிருந்து எடுத்த படத்தில் சரியாகத் தெரியாது. பனை உழவாரனின் வால் பிளவுபட்டது. பறக்கையில் அடிக்கடி அதைக் குவித்துக்கொள்ளும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே நிறங்களும் கறுத்துவிடும். படத்தில் பதியாத அடையாளம், பெரிதாக்கினாலும் வராது.

ஊகித்துப் பெயர் எழுதினால், இல்லாத பறவை பதிவேட்டில் ஏறிவிடும். eBird தளமே, இனம் தெரியாத உழவாரன் என்ற பொருளில் "swift sp." என்று பதிய இடம் தருகிறது. என்னைக் கேட்டால், அதற்கே முழு மதிப்பெண்.