பட்டன்ல சொருகுன மரச்சக்கைக்கு எத்தனை மார்க்?

காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்ச நண்பன் அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்ல சூப்பர்வைசர். போன வாரம் போன் பண்ணி, "மச்சி, அப்ரைசல் மார்க் கூட்ட ஒரு எக்செல் ஃபார்முலா போட்டுக் குடுடா"ன்னான். அஞ்சு நிமிஷ வேலைன்னு உக்காந்தேன், ராத்திரி தூக்கம் போச்சு.

பவர் பிரஸ் பார்க்காதவங்களுக்கு: தகடை டைக்குள்ள வெச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் ராம் இறங்கி அடிக்கும். அந்த நேரம் கை உள்ள இருக்கக் கூடாது, அதுக்குத்தான் ரெண்டு பட்டன். புது மிஷின்ல ஒவ்வொரு அடிக்கும் ரெண்டையும் விட்டுட்டு மறுபடி அமுக்கணும். இவங்களோட பழைய மிஷின்ல அது இல்ல. ஒரு பட்டன்ல மரச்சக்கையைச் சொருகிட்டா ஒத்தக் கையில ஓட்டலாம்.

அங்க ரெண்டு அண்ணன்மார். ஒருத்தர் முறைப்படி ஓட்டுறார், பீஸுக்கு 12 செகண்ட். 7 மணி நேரத்துல 2100. இன்னொருத்தர் சக்கை கேஸ், பீஸுக்கு 9 செகண்ட், 2800. டார்கெட்? அந்த 2800தான்! வேகமான ஆளோட கணக்கையே எல்லாருக்கும் வெச்சுட்டாங்க.

மார்க் உற்பத்திக்கு 60, தரத்துக்கு 20, பாதுகாப்புக்கு 20. வருஷத்துல விபத்து இல்லன்னா அந்த 20 முழுசா கிடைக்கும். தரத்துல ரெண்டு பேரும் 20. ஆக சக்கை அண்ணனுக்கு 100. முறைப்படி ஓட்டுனவருக்கு 45+20+20, வெறும் 85. பாதுகாப்புல பாதி மார்க்கை வெட்டினாலும் 90 வாங்கி அவரே முந்துறார்.

இன்னும் விரல் போகலங்கிறது பழக்கம் இல்லீங்க, அதிர்ஷ்டம். விபத்தை எண்ணி மார்க் போட்டா, சின்னக் காயத்தைத் துணி சுத்தி மறைப்பாங்க, அவ்ளோதான். பழக்கத்தை நேர்ல பார்த்து எழுதணும். அதைக் கூட்டல்ல சேர்க்காம வாசல்ல நிறுத்தணும். நான் போட்டது இதுதான்:

```
=IF(E2="N","HOLD",B2+C2)
```

B உற்பத்தி (இப்ப 80க்கு), C தரம். E-ல, முன்னறிவிப்பு இல்லாம பார்த்தப்போ ரெண்டு கையும் பட்டன்ல இருந்துச்சா, சிக்கின பீஸை எடுக்க மிஷினை ஆஃப் பண்ணி டைக்கு நடுவுல சேஃப்டி பிளாக் வெச்சாரான்னு பதில். HOLD வந்தா, பழக்கம் சரியாகிற வரைக்கும் இன்க்ரிமென்ட் நிக்கும்.

"நான் வர்றது தெரிஞ்சா சக்கையை உருவிடுவாரேடா?"ன்னான். கவுன்ட்டரைப் பாருடா. 12 செகண்ட்னா மணிக்கு 300தான் வரும். 400 காட்டினா சக்கை எங்கயோ பாக்கெட்ல இருக்கு.

ஆனா 2800 டார்கெட்டை அப்படியே விட்டுட்டு அந்த அண்ணன் இன்க்ரிமென்ட்டை மட்டும் நிறுத்தினா அது அநியாயம். முதல்ல டார்கெட்டை 2100 ஆக்கணும், பட்டன் சர்க்யூட்டை மாத்தணும். அதுவரைக்கும் E காலத்துல N வாங்க வேண்டியவர் டார்கெட் போட்ட மேனேஜர்தான்.

ஷீட்டை அனுப்பிட்டேன். "மேனேஜர்கிட்ட எப்படிடா காட்டுறது"ன்னு கேக்குறான். ஃபேக்டரில வேலை பார்க்குற மக்கா, நீங்களே சொல்லுங்க.