பாதியில் வேலையை விட்டால் பாண்ட் பணம் முழுசா கட்டணுமா? சட்டம் சொல்வது இதுதான்

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சம்பளத்தைத்தான். நாலாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வரி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. 'சேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் விலகினால் பயிற்சிச் செலவாக 1.5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும்' என்பது போல அது இருக்கும். எட்டாவது மாதத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று வரும்போதுதான் அந்த வரி ஞாபகத்துக்கு வரும்.

கையெழுத்து போட்டாச்சு, அப்போ முழுப் பணத்தையும் கட்டியே ஆகணுமா? 'கட்டணும்' என்று எச்.ஆர். சொல்வார், 'பாண்ட் எல்லாம் செல்லாது' என்று நண்பர்கள் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை.

67,596 ரூபாய் கணக்கு

டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதை நன்றாகப் புரியவைக்கும். ஊழியர் 3 ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது பாண்ட். அவர் 2 ஆண்டுகளில் விலகிவிட்டார். நிறுவனம் 2 லட்சம் கேட்டது. ஆனால் பயிற்சிக்குச் செலவானதாகக் கணக்கில் இருந்தது 67,596 ரூபாய்தான்.

நீதிமன்றம் அந்தச் செலவை 3 ஆண்டுகளுக்குப் பிரித்தது. 2 ஆண்டு வேலை பார்த்தாயிற்று, மீதி இருப்பது ஓராண்டு. எனவே மூன்றில் ஒரு பங்கான 22,532 ரூபாய் தந்தால் போதும் என்றது. கேட்டது 2 லட்சம், கிடைத்தது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு அடிப்படை 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும் என்கிறது அந்தப் பிரிவு. இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடும் கிடையாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

அப்போ 2025 தீர்ப்பு?

கடந்த 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டு முடியும் முன்பே விலகிய அதிகாரியிடம் வங்கி வாங்கிய 2 லட்சம் ரூபாய் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 'இனி எல்லா பாண்டும் செல்லும்' என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள். தீர்ப்பைப் படித்தால் விஷயம் வேறு.

பாண்ட் என்பது வேறு வேலைக்குப் போவதையே தடுப்பது அல்ல, எனவே 27-வது பிரிவின்படி அது தானாகச் செல்லாததாகிவிடாது என்றது நீதிமன்றம். ஆனால் 2 லட்சம் நியாயமானது என்று சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. பொதுத்துறை வங்கி நினைத்த ஆளை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரம், திறந்த போட்டி என எல்லாவற்றையும் மறுபடி நடத்த வேண்டும். விலகியவரும் நல்ல சம்பளம் வாங்கிய நடுநிலை மேலாளர். மாதம் 18 ஆயிரம் வாங்கும் ஃப்ரெஷருக்கு, ஒரு வார அறிமுக வகுப்பு எடுத்துவிட்டு 1.5 லட்சம் கேட்கும் தனியார் நிறுவனம் இதே காரணங்களைச் சொல்ல முடியாது.

அதனால் கவனிக்க வேண்டியது, பயிற்சி நிஜமாகவே நடந்ததா என்பதைத்தான். வெளியிலிருந்து பயிற்சியாளர் வந்தாரா, கட்டண ரசீது இருக்கிறதா, வேறு நிறுவனத்திலும் மதிப்புள்ள சான்றிதழ் கிடைத்ததா? சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொடுத்ததை எல்லாம் லட்சக்கணக்கில் பில் போட்டால், நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம்.

பாண்டைவிட ஆபத்தானது செக்

சில நிறுவனங்கள் பாண்டோடு சேர்த்து, கையெழுத்திட்ட செக் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. சிக்கல் இங்கேதான். பாண்ட் பணத்துக்கு நிறுவனம் சிவில் வழக்கு போட்டு, இழப்பை நிரூபிக்க வேண்டும். செக் திரும்பினாலோ கதை தலைகீழ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால் காசோலை மோசடி வழக்கு, அதுவும் கிரிமினல் வழக்கு, போட முடியும். அவ்வளவு கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பும் செக் கொடுத்தவர் தலையில் விழும். வங்கியில் சொல்லி செக்கை நிறுத்தினாலும் தப்ப முடியாது. கையெழுத்து கேட்டால் பாண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேலையை விட்டபின் நோட்டீஸ் வந்தால் பயந்து முழுத் தொகையையும் கட்டவும் வேண்டாம், பதில் போடாமல் இருக்கவும் வேண்டாம். எந்தப் பயிற்சி, எந்தத் தேதியில், எவ்வளவு செலவு என்று ரசீதோடு கணக்கு கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்பலாம். உண்மையான செலவு இருந்தால், வேலை பார்த்த மாதங்களைக் கழித்து மீதியைத் தரத் தயார் என்று சொல்லலாம். கூடவே ரிலீவிங் லெட்டரையும் அதே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும். அடுத்த கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான்.