தலைப்பு யார் பொறுப்பு?

ஒரு மாவட்ட நிர்வாகத்தின் மழை எச்சரிக்கைத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஏரி திறப்பு, பள்ளி விடுமுறை, நிவாரண முகாம் என ஒவ்வோர் அறிவிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு. ஆனால் எந்தப் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் "React App" என்ற ஒரே தலைப்புதான் வருகிறது. எது ஏரி, எது விடுமுறை என்று தெரியாது. மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடாமல் விடுகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இந்தத் தளத்தில் சர்வர் அனுப்புவது வெறும் கூடுதான். பிரவுசரில் ஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உண்மையான தலைப்பும் விவரமும் வந்து சேர்கின்றன. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. முதலில் வந்ததைப் படித்துவிட்டுப் போய்விடும். கூகுள் ஓட்டும், ஆனால் அதற்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. மாலைக்குள் காலாவதியாகும் எச்சரிக்கை அந்த வரிசையில் நின்று என்ன பயன்?

சர்வர் ரெண்டரிங்குக்கு மாறினால் தீரும் என்பார்கள். பாதிதான் உண்மை. ரியாக்டில் தலைப்பை `useEffect`-க்குள் வைத்திருந்தால் அது சர்வரில் ஓடவே ஓடாது. பக்கத்தின் உள்ளடக்கம் முழுசாக வரும், தலைப்பு மட்டும் பழையதாகவே நிற்கும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் அந்த வேலையை `generateMetadata`-வுக்கு மாற்ற வேண்டும். அறிவிப்பின் எண்ணைக் கொண்டு சர்வரே தரவை எடுத்து, தலைப்பையும் விவரத்தையும் எழுதி அனுப்பும்.

இந்தப் பிழை கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. பிரவுசரின் இன்ஸ்பெக்ட் காட்டுவது ஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பக்கத்தை. அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். சர்வர் தருவதை இப்படிப் பார்க்கலாம்:

```
curl -s -A "facebookexternalhit/1.1" https://example.org/alert/12 \
 | grep -ioE '<title>[^<]*|og:(title|description)[^>]*'
```

அறிவிப்பின் பெயர் இதில் வரவில்லை என்றால் வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் வராது.

பழியைப் புரோகிராமர் தலையில் கட்டுவது எளிது. ஆனால் அறிவிப்பைப் பதிவேற்றும் அலுவலர் "முக்கிய அறிவிப்பு" என்று மட்டும் தட்டினால் அதைத்தான் சர்வர் அச்சடித்துத் தரும். இடத்தையும் தேதியையும் தலைப்பில் போடுவது அவர் வேலை. டெண்டர் எழுதுகிறவர், மேலே உள்ள கட்டளையின் விடையைப் பார்க்காமல் தளத்தை ஏற்பதில்லை என்று ஒரு வரி சேர்க்கட்டும். சர்வர் ரெண்டரிங்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் வேலை செய்வதால் செலவு கூடும். மழை நாளில் கூட்டம் குவியும்போது ஒரு நிமிடக் கேஷ் இல்லாமல் தாங்காது. அதற்கான தொகையை ஒதுக்க வேண்டியவர் நிதி பார்ப்பவர்.

இந்தச் சோதனையைத் தளம் திறக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு திருத்தினால் ஃபேஸ்புக்கை மறுபடி படிக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன செய்திகளில் பழைய தலைப்பு அப்படியேதான் இருக்கும்.