பலகையின் கனத்தைப் பார்க்காதீர்கள், கம்பியின் சாய்வைப் பாருங்கள்

உங்களில் பலர் இன்று கடை, கிளினிக், டியூஷன் சென்டர் என்று வைத்திருக்கிறீர்கள். வாசலில் பெயர்ப்பலகையும் தொங்குகிறது. சுவரிலிருந்து ஒரு இரும்புக் குழாய் நேராக நீண்டிருக்கும். அதன் நுனியிலிருந்து ஒரு கம்பி சாய்வாக மேலே போய்ச் சுவரில் மாட்டியிருக்கும். அது பத்திரமா என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறீர்கள்: "பலகை 24 கிலோதான் சார், 50 கிலோ தாங்குற கம்பி போட்டிருக்கோம்."

இந்தப் பதில் தப்பு. கம்பி பலகையை நேராகத் தூக்கிப் பிடிக்கவில்லை, சாய்வாக இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் நீளம் 120 செ.மீ., எடை 4 கிலோ. 24 கிலோ பலகையின் நடுப்பகுதி சுவரிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கிறது. கம்பி குழாயின் நுனியில் கட்டியிருக்கிறது. குழாய் சுவரைத் தொடும் இடத்தைச் சுழல்மையமாக எடுங்கள். சுவர் குழாயை எப்படித் தள்ளுகிறது, எவ்வளவு தூக்குகிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த விசை மையத்தின் வழியாகவே போவதால் அதன் திருப்புத்திறன் பூஜ்யம். தெரியாததைக் கணக்கிலிருந்து விலக்கத்தான் அந்த இடத்தை எடுக்கிறோம்.

கீழ்நோக்கித் திருப்புவது: பலகைக்கு 24 × 80 = 1920, குழாய்க்கு 4 × 60 = 240. மொத்தம் 2160. இதைச் சமன்செய்ய வேண்டியது கம்பி மட்டும்தான். அதன் இழுவிசையை, மையத்திலிருந்து கம்பிக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் 2160 வர வேண்டும்.

கம்பியைச் சுவரில் 90 செ.மீ. உயரத்தில் மாட்டியிருந்தால் அந்தத் தூரம் 72 செ.மீ. இழுவிசை 2160 ÷ 72 = 30 கிலோ எடைக்குச் சமம். பரவாயில்லை. ஆனால் "மாடி ஜன்னல் மறைக்குது, பார்க்க நல்லா இல்லை" என்று 30 செ.மீ. உயரத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்போது செங்குத்துத் தூரம் 29 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். இழுவிசை சுமார் 74 கிலோ. பலகை அதே பலகை, குழாய் அதே குழாய். உங்கள் 50 கிலோ கம்பிக்கு என்ன கதி?

உடனே ஒரு எதிர்வாதம் வரும்: "அப்போ தடிமனான கம்பி போட்டுட்டா போச்சு." போகாது. தடிமனான கம்பி அறாது, உண்மைதான். ஆனால் இழுவிசை ஒரு கிலோகூடக் குறையாது. கம்பி தப்பிக்கும், சுவரில் இருக்கும் ஆங்கர் போல்ட் மாட்டிக்கொள்ளும். கம்பி நுனியை மேல்நோக்கித் தூக்கும் பங்கு இரண்டு விதத்திலும் 2160 ÷ 120 = 18 கிலோதான். மிச்சமெல்லாம் கிடைமட்ட இழுப்பு. 90 செ.மீ.யில் அது 24 கிலோ, 30 செ.மீ.யில் 72 கிலோ. அந்த 72 கிலோவும் போல்ட்டைச் சுவரிலிருந்து நேராகப் பிடுங்கும் திசையில் வேலை செய்கிறது. பழைய செங்கல் சுவரும் உதிரும் பூச்சும் அதைத் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆகவே உயரத்தைக் கூட்டுங்கள். குழாயின் நீளத்தை மாட்டும் உயரத்தால் வகுத்து, அந்த 18-ஆல் பெருக்கினால் போல்ட்டைப் பிடுங்கும் விசை வந்துவிடும். டேப் ஒன்று போதும். கம்பியும் போல்ட்டும் வந்த விடையைவிடப் பல மடங்கு தாங்க வேண்டும், ஏனென்றால் காற்றில் பலகை ஆடும்போது இழுப்பு ஒரே சீராக இருக்காது.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காற்று பலகையின் முகத்தில் அடித்தால் குழாய் பக்கவாட்டில் வளையும். மேலே போகும் ஒற்றைக் கம்பியால் அதைத் தடுக்க முடியாது. அதற்கு இரு பக்கமும் தனிக் கம்பிகள் வேண்டும்.

இன்று கடை திறந்ததும் வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள். மேல் போல்ட்டைச் சுற்றிப் பூச்சில் விரிசல் இருக்கிறதா? போல்ட் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறதா? குழாயின் நுனி முன்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் பலகையைக் கழற்றி இறக்கிவிட்டு மறுவேலை பாருங்கள். அதன் கீழே நடப்பவர்களுக்கு உங்கள் கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று தெரியாது.