நைட் மோடு படம் பொய்ப்படமா?

கபாலி கோயில் கோபுரத்தை இரவில் போனில் எடுத்துப் போட்டால், "இது நைட் மோடு, நிஜப் படம் இல்லை" என்று உடனே சிலர் வந்துவிடுகிறார்கள். இந்த வாதம் தவறு நண்பர்களே.

அந்த வெளிச்சத்தில் ஒரே படமாக எடுக்க ஒரு விநாடி தேவை என்று வையுங்கள். அதற்குள் கை அசைந்து, கோபுரத்துச் சிற்பங்கள் எல்லாம் இழுபட்டுப்போகும். 1/16 விநாடியில் எடுத்தால் அசைவு தெரியாது. ஆனால் வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

நைட் மோடு அப்படிப்பட்ட 16 படங்களை எடுத்து, கை நகர்ந்த அளவுக்கு ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்தி, சராசரி காண்கிறது. சிற்பம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும். புள்ளிகளோ படத்துக்குப் படம் மாறும். அதனால் புள்ளி நாலில் ஒரு பங்காகிவிடும். 16-இன் வர்க்கமூலம் 4 அல்லவா! கூட்டியது அத்தனையும் கோபுரத்திலிருந்து வந்த ஒளிதான். இதில் பொய் எங்கே?

குறை சொல்வதானால் சரியான இடத்தில் சொல்லுங்கள். தைப்பூசத் தெப்பம் நகர்வதால் படங்கள் பொருந்தாது. பெரிதாக்கிப் பாருங்கள்: தெப்பத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரியும், அல்லது அங்கே மட்டும் புள்ளி மிஞ்சியிருக்கும். ஸ்டாண்டில் வைத்த பெரிய கேமராவின் ஒரே நீண்ட படம் இன்றும் போனை வெல்லும். கையில் பிடித்து அதே ஒரு விநாடி எடுத்தால் வெல்லாது.