சாரைப்பாம்பு இல்லாத வயலில் என்ன நடக்கும்? உணவு வலைப் படத்தைப் படிப்பது எப்படி

மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் 1978-இல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பிறகு வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. இப்போது சங்கத்தில் விஷம் எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம் வரப்பில் சாரையைக் கண்டால் அடிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அப்படி அடித்தால் நெல்லுக்கு என்ன ஆகும் என்பதை ஒரு படம் வரைந்தே கணிக்கலாம்.

ஒரு தாளின் அடியில் நெல் என்று எழுதுங்கள். அதிலிருந்து எலிக்கு ஒரு அம்பு, பூச்சிக்கு ஒரு அம்பு. பூச்சியிலிருந்து தவளைக்கு ஒன்று. எலியிலிருந்து சாரை, ஆந்தை, கீரி மூன்றுக்கும் தனித்தனி அம்பு. சாரை தவளையையும் தின்னும் என்பதால் தவளையிலிருந்து சாரைக்கும் ஒரு அம்பு. அம்பின் தலை எப்போதும் தின்பவரைப் பார்த்து இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, முடிவையும் தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது சாரையை அழியுங்கள். அதற்கு வரும் அம்புகளைப் பின்னோக்கிப் பார்த்தால், எதிரியை இழந்தவை இரண்டு: எலி, தவளை. எலி கூடினால் நெல் குறையும். தவளை கூடினால் பூச்சி குறைந்து நெல் பிழைக்கும். ஒரே படம் இரண்டு எதிரெதிர் பதில்களைத் தருகிறது. படத்தில் தவறு இல்லை. அது திசையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. அளவை அறிய அந்த உயிர்களின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

தவளை பெருக வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அது பூச்சியோடு சேர்த்து, பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் தின்றுவிடும். எனவே அந்த வழியில் கிடைக்கும் லாபம் சிறிது. வரப்பெலியோ சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும், ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் சாதாரணம். சாரை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். போன சாரை திரும்ப நாளாகும், எலிக்கு அவ்வளவு நாள் தேவையில்லை.

'ஆந்தை இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?' என்று கேட்பீர்கள். ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆந்தை இரவில் வெளியே வரும் எலியைத்தான் பிடிக்கும். சாரை வளைக்குள்ளேயே நுழைந்து குட்டிகளையும் தின்னும். படத்தில் இரண்டு அம்பும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இந்த வேலையை ஆந்தையால் ஈடுகட்ட முடியாது. வளையைத் தோண்டி எலி பிடிக்கும் இருளர்கள்தான் சாரைக்கு நெருக்கமான மாற்று.

அதேநேரம், சாரை இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். கதிர் முற்றும் நேரத்தில் தீனி நிறையக் கிடைப்பதால் எலி எப்படியும் கூடும். சாரை செய்வது, பருவத் தொடக்கத்தில் இருக்கும் எலி எண்ணிக்கையைத் தாழ்வாக வைப்பதுதான்.

கணிப்பு உங்கள் வயலில் சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மாலையில் வரப்பிலுள்ள எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவற்றை எண்ணுங்கள். எலி குடியிருக்கும் வளைகள் அவைதான். நடவு முடிந்ததும் ஒருமுறை, பூக்கும் முன் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். பூக்கும் முன்பே எண்ணிக்கை வேகமாக ஏறினால், எலியைக் கட்டுப்படுத்தும் அம்புகளில் ஏதோ அறுந்திருக்கிறது என்று பொருள்.

அப்போது உடனே விஷத்துக்குப் போகாதீர்கள். வரப்பைச் சிறியதாக வெட்டி வளைக்கு இடமில்லாமல் செய்யுங்கள். ஆந்தை அமர டி வடிவக் குச்சிகளை நடுங்கள். தஞ்சாவூர் கிட்டியை எக்டேருக்கு 100 என்ற கணக்கில் வைக்கலாம். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் உயிரோடு நடமாடும். அதை ஆந்தையோ சாரையோ பிடித்தால் விஷம் அவற்றுக்கும் போகும். நீங்கள் வரைந்த அம்பு வழியாக உணவோடு விஷமும் நகரும். பிறகு அடுத்த பருவத்தில் எலி மட்டும் திரும்பி வரும், அதைத் தின்ன ஆள் இருக்காது.